காய்க்குப் பெயர் எழுதாத பலசரக்குச் சீட்டு

சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்த பிறகு, அடுக்களையில் இருக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில், எந்த டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டு, அதற்குக் கீழேதான் மறுநாள் வாங்க வேண்டியவற்றை எழுதுவேன். மூன்று ஆண்டுகளாக இந்த வழக்கம் மாறவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் என்ன எழுதுகிறேன், எந்த வரிசையில் எழுதுகிறேன் என்பது இடையில் முழுவதுமாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். கணவர் மின்பணியாளர். ஏணியிலும் மாடிப்படியிலும் ஏறி இறங்குவதே அவருடைய வேலை. பதினாறு வயது மகன் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை ஐந்தரை மணிக்கு ஓட்டப் பயிற்சிக்குப் போகிறான். 800 மீட்டர் அவனுடைய பிரிவு. பதின்மூன்று வயது மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போய்வருவதோடு மாலையில் கைப்பந்தும் ஆடுகிறாள். அத்தைக்கு அறுபத்து நான்கு வயது. நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சாப்பாட்டுக்கென்று நாங்கள் ஒதுக்க முடிந்தது வாரத்திற்கு 2,100 ரூபாய். பால் உட்பட எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

சீட்டு மாறுவதற்குக் காரணமாக இருந்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. நான்காவது சுற்று ஓடும்போது மகனுக்குத் தலைசுற்றி, ஓடுபாதையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பயிற்சியாளர் என்னை அழைத்து, முந்தின இரவு என்ன சாப்பிட்டான், காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். இரவு தோசையும் தேங்காய்ச் சட்னியும், காலையில் ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் என்று சொன்னேன். "அக்கா, இவன் ஓடுறதுல ஒரு குறையும் இல்ல. தட்டுல என்ன விழுதுன்னு மட்டும் பாருங்க" என்றார். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள் என்று நிச்சயமாக நம்பியிருந்தவள் நான்.

அன்று இரவு பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். காய்கறிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அரிசியும் எண்ணெயும் இருந்தன. பருப்பு வகை என்று வாரத்திற்கு அரைக் கிலோ துவரையும் அரைக் கிலோ உளுந்தும் இருந்தன. முட்டை பத்து. இவற்றுக்கு வெளியே, சீட்டில் எழுதாமலே செலவான பணம் ஒன்று இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைகளுக்கு வாங்கிய பப்ஸ், பன், பிஸ்கட், பாலில் கலக்கும் சத்துமாவு டப்பா ஆகியவற்றை நினைவிலிருந்து கூட்டியபோது, வாரத்திற்கு 350 ரூபாய்க்குக் குறையாமல் வந்தது. அந்த வாரங்களில் பருப்புக்கும் முட்டைக்கும் சேர்த்து நான் செலவழித்ததே 200 ரூபாய்க்குள் இருந்தது.

பணத்தட்டுப்பாட்டில் நடக்கும் தமிழ் அடுக்களையில் முதலில் மெலிவது பயறும் பருப்பும்தான் என்பது அப்போது புரிந்தது. அரிசி குறைந்தால் வயிறு உடனே சொல்லிவிடும். காய் குறைந்தால் தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாம்பாரில் பருப்பு குறைந்தால் புளியும் பொடியும் அதை மறைத்துவிடும். ஒரு கைப்பிடிப் பருப்பில் ஐந்து பேருக்குச் சாம்பார் வைப்பதை நான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். ஓடும் பிள்ளைக்கும் ஏணி ஏறும் மனிதருக்கும் தேய்ந்த தசை திரும்பக் கட்டப்படுவது அந்தக் கைப்பிடியில்தான் என்பதை நினைக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். பயிற்சி செய்பவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, எங்கள் ஐவருக்கும் சேர்த்து நாளைக்கு 300 கிராம் என்று ஒரு வட்டமான எண்ணை வைத்துக்கொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: பத்து கிராம் புரதத்தை இது என்ன விலைக்குத் தருகிறது?

இந்தக் கணக்கைப் போடுவது எளிது. கிலோ 130 ரூபாய்க்கு நான் வாங்கும் நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 250 கிராம் புரதம் இருக்கிறது. அப்படியானால் பத்து கிராம் ஐந்து ரூபாய் சொச்சம். கிலோ 110 ரூபாய்க்கு வாங்கும் பச்சைப்பயறும் 90 ரூபாய்க்கு வாங்கும் கறுப்புக் கொண்டைக்கடலையும் அதே ஐந்து ரூபாயை ஒட்டியே வருகின்றன. ஐந்தரை ரூபாய் முட்டையில் ஆறு கிராம் இருப்பதால் பத்து கிராமுக்கு ஒன்பது ரூபாய். லிட்டர் 40 ரூபாய்ப் பாலில் பன்னிரண்டரை ரூபாய். சாளை மீனில், தலையும் குடலும் கழித்துப் பார்த்தால், பதினான்கு ரூபாய்க்கு மேல் ஆகிறது. நான் நம்பி வாங்கிக்கொண்டிருந்த சத்துமாவு டப்பாவில் நூறு கிராமுக்குப் பத்து கிராம் புரதம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பத்து கிராம் 45 ரூபாய்க்குப் போனது. அந்த டப்பாவை அன்றோடு நிறுத்தினேன்.

விலை குறைந்ததை மட்டும் வாங்கினால் போதும் என்று இதற்குப் பொருளில்லை. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது நிறைய உண்டு, ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒன்றாகத் தட்டுக்கு வரும்போதுதான் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லியும் பொங்கலும் அடையும் இதைத்தான் செய்கின்றன. முட்டையும் பாலும் மீனும் தரும் பி12 உயிர்ச்சத்து பயறில் கிடையாது. ஆகவே கடலையும் பயறும் அடித்தளம், அதற்கு மேல் முட்டையும் பாலும், வாரம் ஒருமுறை மீன் என்று ஒரு வரிசை அமைந்தது.

இப்போது சீட்டின் மேல்பகுதியில் எழுதப்படுபவை இவைதான். உளுந்து முக்கால் கிலோ, பச்சைப்பயறு அரைக் கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை அரைக் கிலோ, கொள்ளு கால் கிலோ, நிலக்கடலைப் பருப்பு ஒரு கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ. துவரம்பருப்பு, ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் மாதாந்திர ஒரு கிலோவை நான்காகப் பிரித்து வாரம் கால் கிலோ, வெளியே வாங்குவது கால் கிலோ. இவற்றுக்கு வாரம் 410 ரூபாய். முட்டை ஒரு ட்ரே, முப்பதுக்கு 165 ரூபாய். பால் நாளைக்கு ஒரு லிட்டர், வாரத்திற்கு 280. மீன் 160. இந்த நான்கையும் எழுதி முடிக்காமல் காய்கறிக்கு வரமாட்டேன். முன்பெல்லாம் காயில் தொடங்கி, மிச்சப் பணத்தில் பருப்பு வாங்கினேன். வரிசையைத் திருப்பியதுதான் நான் செய்த மிகப் பெரிய மாற்றம்.

தானியத்தில் பெரும்பகுதியை ரேஷன் அரிசி தாங்குகிறது. எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ விலையில்லாமல் கிடைப்பதால், வாரத்திற்கு ஐந்து கிலோ கணக்கு. இட்லி, தோசை, பொங்கல் மூன்றுக்கும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். மதியச் சோற்றுக்கு மட்டும் மூன்று கிலோ வெளியில் வாங்குவேன். அதோடு ஒன்றரைக் கிலோ கேழ்வரகும் ஒரு கிலோ கோதுமையும். கேழ்வரகை மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, புடைத்துக் கல் பொறுக்கி, கழுவி உலர்த்தி மில்லில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கடையில் அரைத்து வைத்த மாவு எத்தனை நாள் பழையது என்று நமக்குத் தெரியாது. பழைய மாவில் கசப்பு ஏறிவிடும், கூழ் கசந்தால் பிள்ளைகள் ஒரே நாளில் அதை ஒதுக்கிவிடுவார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வளரும் இரண்டு பிள்ளைகளுக்கும் எலும்பு தேயும் வயதில் இருக்கும் அத்தைக்கும் ஒரே பானையில் தர முடிகிற பொருள் அது.

நிலக்கடலையைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு கிலோவை மொத்தமாக வாங்கினால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்று மழைக்காலத்தில் ஒருமுறை வாங்கினேன். மூன்றாம் வாரம் டப்பாவைத் திறந்தபோது ஒரு சிக்கு வாடை வந்தது. சில பருப்புகள் சுருங்கி, முளைப்பகுதியில் பசுமை கலந்த சாம்பல் நிறம் படிந்திருந்தது. கடலையில் பிடிக்கும் அந்தப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. முழு டப்பாவையும் கொட்டினேன். அதன்பிறகு வாரம் ஒரு கிலோ மட்டுமே வாங்குகிறேன். வாங்கியதும் தாம்பாளத்தில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, வாயில் போட்டால் கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒருமணி நேரம் வெயிலில் வைத்து எடுத்து மூடுகிறேன். பத்து ரூபாய் சேமிப்புக்கு ஆசைப்படக் கூடாத பொருள் கடலை.

இனிக் காய்கறிக்கு வருகிறேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அண்ணாநகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தை அதுதான். 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்பதும், எடைக்குத் தராசு கொடுத்திருப்பதும், அன்றன்றைய விலையை மொத்தச் சந்தை விலையையும் வெளிக்கடை விலையையும் பார்த்து நிர்ணயித்துப் பலகையில் எழுதுவதும் அதன் நடைமுறை. வெளிக்கடையை விடக் குறைவாகவும், உழவருக்கு மொத்தச் சந்தையை விடக் கூடுதலாகவும் கிடைக்கும்படி அந்த விலை வைக்கப்படுகிறது. எனக்கு அந்தப் பலகைதான் சந்தையின் முதல் கடை. நுழைந்ததும் எதையும் தொடாமல், பலகையின் முன் ஐந்து நிமிடம் நின்று சீட்டை நிரப்புவேன்.

நிரப்புவேன் என்று சொல்வதற்குக் காரணம், என் சீட்டில் இப்போது காய்களுக்குப் பெயர் கிடையாது. கத்திரிக்காய் அரைக் கிலோ என்று எழுதிக்கொண்டு போனால், அது கிலோ 56 ரூபாய் விற்கும் நாளிலும் மனம் அதையே தேடுகிறது. அதனால் பெயருக்குப் பதில் வேலையை எழுதுகிறேன். கீரை ஐந்து கட்டு. கூட்டுக்கு நீர்க்காய் ஒன்றரைக் கிலோ. பொரியலுக்குக் காய் ஒன்றரைக் கிலோ. வாரக் கடைசிவரை தாங்கும் காயும் கிழங்கும் இரண்டு கிலோ. சாம்பாருக்கு மணமுள்ள காய் ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் நேரே இடம் விட்டிருப்பேன். பலகையைப் பார்த்த பிறகே அந்த இடத்தில் பெயர் ஏறும்.

பங்குனி முதல் வாரத்து ஞாயிறு எப்படி நிரம்பியது என்று சொல்கிறேன். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி, எலுமிச்சை என்று எல்லா வாரமும் வேண்டிய பொருள்களுக்கு 150 ரூபாய், தேங்காய் இரண்டுக்கு 60 ரூபாய் என்று முதலிலேயே தள்ளிவைத்தேன். பெயர் எழுதாத வரிகளுக்கு 200 ரூபாய் இருந்தது. பலகையில் பீர்க்கங்காய் 48, சுரைக்காய் 14. நீர்க்காய் வரியில் சுரைக்காய் ஏறியது, ஒன்றரைக் கிலோ 21 ரூபாய். கத்திரிக்காய் 56, வெண்டைக்காய் 28, கொத்தவரங்காய் 26. பொரியலுக்கு வெண்டை ஒரு கிலோவும் கொத்தவரை அரைக் கிலோவும் 41 ரூபாய்க்கு வந்தன. முருங்கைக்காய் வரத்து பெருகும் பருவம் ஆகையால் ஆறு காய் 15 ரூபாய்க்குக் கிடைத்தது. தாங்கும் காய்க்கு மஞ்சள் பூசணி ஒரு கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, வாழைக்காய் நான்கு என்று 70 ரூபாய் ஆனது. கீரை அன்று மூன்று கட்டும் புதன்கிழமைக்கு இரண்டு கட்டும் சேர்த்து 50 ரூபாய். ஆக 197. ஆசைப்பட்ட கத்திரிக்காய் அந்த வாரம் வரவில்லை. வீட்டில் ஒருவரும் அதைக் கேட்கவும் இல்லை.

பலகை விலையைப் பார்க்கும்போதே, வீட்டுக்கு வந்த பின் கையில் எவ்வளவு நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பச்சைப் பட்டாணி கிலோ 60 என்று எழுதியிருந்தால் மலிவாகத் தோன்றும். உரித்தால் பாதி எடை தோலாகப் போய்விடும், ஆகவே உண்மை விலை 120. கிலோ 80 ரூபாய்க் காய்ந்த பட்டாணியை இரவு ஊறவைத்தால் எடை இரண்டு மடங்காகிறது, அதன் உண்மை விலை 40. இதற்கு விலக்கு மார்கழியிலும் தையிலும் வரும் பச்சை மொச்சை. அதையும் உரிக்கத்தான் வேண்டும், விலையும் சற்றுக் கூடுதல்தான். ஆனால் அந்த நான்கைந்து வாரங்களுக்கு அதைக் காய் வரியில் எழுதாமல் பயறு வரியில் எழுதிக்கொண்டு, கொண்டைக்கடலையை நிறுத்திவிடுகிறேன்.

சந்தை வாசலுக்கு வெளியே கூறு கட்டி விற்பவர்களிடமும் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை 20 ரூபாய்த் தக்காளிக் கூறு ஒன்று கண்ணுக்குக் குவியலாகத் தெரிந்தது. வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது 600 கிராம் இருந்தது. கிலோ 33 ரூபாய். உள்ளே பலகையில் அன்றைய விலை 24. கூறு வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறும்போது கூறின் அளவு பெருகும், அன்றே சமைப்பதற்கு அது உண்மையிலேயே மலிவு. ஆனால் வாரம் முழுவதற்கும் வேண்டிய காயை வெயிலில் வாடிய கூறில் வாங்கினால், வியாழக்கிழமை அதில் கால்பங்கு குப்பைக்குப் போகும். ஆறரை மணிக்குள் போனால் வெண்டைக்காயின் நுனி ஒடித்ததும் சட்டென்று முறியும், கத்திரிக்காயின் காம்பு பச்சையாக முள்ளோடு நிற்கும். அந்த நேரத்தில் வாங்கியதுதான் வாரத்தைத் தாண்டுகிறது.

கீரையில்தான் நான் அதிகம் வீணாக்கினேன். ஐந்து கட்டையும் ஞாயிற்றுக்கிழமையே வாங்கி, செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு கட்டு மஞ்சளாகி அழுகுவதைப் பல வாரம் பார்த்தேன். இப்போது ஞாயிறு வாங்கும் மூன்றில் அரைக்கீரையும் சிறுகீரையும் ஞாயிறு, திங்கள் இரண்டு நாளில் முடிந்துவிடும். மூன்றாவது கட்டு முருங்கைக்கீரை. அதை எனக்குத் தருகிற பெரியவர் ஒருவர் சந்தையின் கிழக்கு ஓரத்தில் உட்காருவார். நான் நின்றபடியே இலையை உருவத் தொடங்கியதைப் பார்த்து, "இப்ப உருவாத தாயி. ஈரமில்லாம துணியில சுத்தி வச்சிரு, விடிஞ்சா தானா உதுந்திரும்" என்றார். அப்படியே செய்தேன். காலையில் துணியைப் பிரித்து உதறியபோது, காம்பு தனியாகவும் இலை தனியாகவும் பிரிந்து கிடந்தன. அரைமணி நேர வேலை மிச்சம். "தாத்தா, உங்க வைத்தியம் பலிச்சிருச்சு" என்று மறுவாரம் சொன்னபோது, அவர் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை என் பையில் போட்டுவிட்டார். புதன்கிழமைக் கீரை தனி. பள்ளிக்குப் போகும் வழியில் பத்து நிமிடம் இறங்கி வாங்குகிறேன்.

கீரை பற்றிப் பேசும்போது மகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அதை உயர்த்தியது மாத்திரைதான், கீரை மட்டும் அதைச் செய்துவிடாது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆனால் கூடவே சி உயிர்ச்சத்து இருந்தால் உறிஞ்சுவது கூடும், தேநீரும் காபியும் சாப்பாட்டை ஒட்டிக் குடித்தால் அது குறையும். ஆகவே சீட்டில் எலுமிச்சை நான்கு என்பது ஊறுகாய்க்காக எழுதப்படுவதில்லை. கீரைக் கூட்டை இறக்கியபின் அரை மூடி பிழிவதற்காகவும், சுண்டலில் பிழிவதற்காகவும் எழுதப்படுகிறது. பிழிந்துவிட்டுக் கொதிக்கவைக்கக் கூடாது, சூட்டில் சி உயிர்ச்சத்து அழிந்துவிடும். தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒருமணி நேரம் தள்ளிவைத்ததும் அப்போதுதான். பச்சைப்பயறில் பாதியை முளைகட்டுவதும் அதே காரணத்தால்தான். முளை விடும்போது இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைகிறது, சி உயிர்ச்சத்தும் உண்டாகிறது.

வாங்கிய பொருள் எந்த நேரத்துப் பசிக்குப் போகிறது என்பதையும் சீட்டிலேயே குறித்துவைக்கிறேன். இதை எழுதாத காலத்தில் கொண்டைக்கடலை டப்பாவில் இருந்தது, பிள்ளைகள் பேக்கரியில் இருந்தார்கள். ஊறவைக்காத கடலை மாலை ஐந்து மணிக்கு ஒருவருக்கும் உதவாது. எட்டு மணி நேரம் ஊற வேண்டும். ஆகவே ஞாயிறு இரவும் புதன் இரவும் கொண்டைக்கடலை ஊறும், திங்களும் வியாழனும் சுண்டல். செவ்வாய் முளைகட்டிய பயறு. வெள்ளி அவித்த நிலக்கடலை. மற்ற நாள்களுக்கு வெல்லப்பாகில் பிடித்த கடலை உருண்டை ஞாயிறு மதியமே செய்து வைக்கப்படுகிறது. இந்த உருண்டையில் பொட்டுக்கடலையையும் கலப்பேன். அத்தைக்குப் பல் வலிமை இல்லாததால் அவருக்கு மட்டும் பொடித்துக் கொடுப்பேன்.

மகன் காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது ஒரு வாழைப்பழமும், இரவு ஊறவைத்த நிலக்கடலையில் ஒரு சிறு கைப்பிடியும் சாப்பிடுகிறான். அதற்கு மேல் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிற்றைப் பிடிக்கும். திரும்பி வந்ததும் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, உப்புப் போட்டு, இரண்டு அவித்த முட்டையோடு கொடுப்பேன். வியர்வையில் போன உப்பும் நீரும் அந்த ஒரு சொம்பில் திரும்பி வருகின்றன. கணவர் வேலைக்குக் கொண்டுபோகும் பாத்திரத்தில் கொள்ளுத் துவையலோ அவித்த முட்டையோ கட்டாயம் இருக்கும். முப்பது முட்டையில் பதினான்கு மகனுக்கு, ஏழு மகளுக்கு, மிச்சம் ஒன்பது பெரியவர்களுக்கு என்று பிரித்தேன். பெண்கள் தங்கள் முட்டையைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அத்தையும் நானும் அதை நிறுத்திக்கொண்டோம்.

மீனுக்கு வாரம் ஒரு கிலோ சாளை. விலையுயர்ந்த மீனை வாங்க முடியாததால் சாளை என்று யாரும் நினைக்க வேண்டாம். முள்ளோடு மென்று தின்னக்கூடிய சிறு மீனில்தான் கால்சியம் கிடைக்கிறது, ஒமேகா கொழுப்பும் அதில் நிறைய உண்டு. அதே காரணத்தால் அது சீக்கிரம் கெடும். வயிறு வெடித்து இளகியிருந்தால் வாங்கக் கூடாது. கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுளைத் தூக்கினால் சிவந்திருக்க வேண்டும், விரலால் அமுக்கிய பள்ளம் உடனே மேலெழ வேண்டும். வாங்கிய அன்று மதியமே குழம்பாகிவிடும். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி சிறியது, அதில் மீனை வைத்து நாள் கடத்துவதில்லை.

மொத்தக் கணக்கு இப்படி வருகிறது. பயறும் கடலையும் 410, முட்டை 165, பால் 280, மீன் 160, தானியம் 270, எண்ணெய் 100, காய்கறியும் தேங்காயும் 410, இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு பப்பாளியும் 120, வெல்லம், புளி, வற்றல், மல்லி ஆகியவற்றின் வாரப் பங்கு 130, ரேஷன் பருப்பு, பாமாயில், சீனிக்கு வாரப் பங்கு 25. கூட்டினால் 2,070. மிச்சம் முப்பது ரூபாயைத் தனி டப்பாவில் போடுகிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதைப் போன்ற வாரங்களுக்கு அது. அப்படிப்பட்ட வாரத்தில் தக்காளியை அரைக் கிலோவாகக் குறைத்து, ரசத்திற்கு எலுமிச்சையும் குழம்புக்குப் புளியும் என்று மாற்றுவேன். பயறு வரியில் மட்டும் கை வைப்பதில்லை. புரதத்தைக் கூட்டினால் நாளைக்கு ஏறக்குறைய 310 கிராம் வருகிறது. பழைய சீட்டில், ஐந்து பேருக்கும் தாராளமாகச் சோறு போட்டும், 200 சொச்சத்தைத் தாண்டவில்லை.

இந்தச் சீட்டு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ரேஷன் அரிசி கிடைக்காத குடும்பத்திற்கு வாரம் 250 ரூபாய் கூடிவிடும். முட்டையும் மீனும் சேர்க்காதவர்கள் அந்த 325 ரூபாயைப் பாலுக்கும் தயிருக்கும் மாற்ற வேண்டியிருக்கும், பி12 உயிர்ச்சத்துக்கு அவர்களிடம் அதைத் தவிர எளிய வழியில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இத்தனை பயறு சாப்பிடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பயறு திடீரெனக் கூடினால் வயிறு உப்பும் என்பதும் உண்மை. அத்தைக்கு முதல் இரண்டு வாரம் அப்படி இருந்தது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவைத்து, சீரகமும் பெருங்காயமும் சேர்த்து, அளவை மெதுவாக ஏற்றிய பிறகு சரியானது.

இப்போது சித்திரை பிறக்கப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், சாளை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். அந்த ஒன்பது வாரங்களுக்கான சீட்டில் மீன் வரியை இன்று அடித்துவிட்டேன். அதற்கு நேரே முட்டை பன்னிரண்டு கூடுதல், பச்சைப்பயறு கால் கிலோ கூடுதல் என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து 94 ரூபாய். மிச்சமாகும் 66 ரூபாய்க்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. கோடையில் மகன் மாலையிலும் ஓடப்போகிறான். தயிருக்கென்று பால் அரை லிட்டர் கூட்டலாமா, தர்பூசணி வாங்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை பலகையைப் பார்த்துவிட்டு எழுதுவேன்.